போட்டோவில் மாட்டிய ஹெல்மெட்: போஸ்டரில் போடலாமா, ஆடிட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வணக்கம் சார். சிறுசேரியில் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். பயிற்சி போஸ்டருக்காக, ஐ.டி. கார்டுக்கு எடுத்திருந்த 14 பேரின் போட்டோவில் மொபைல் ஆப் வழியாக ஹெல்மெட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், கிளவுஸ் மாட்டிப் பார்த்தோம். இடது பக்கம் வெறுந்தலைப் படம், மேலே ‘தவறு’. வலது பக்கம் மாட்டிய படம், மேலே ‘சரி’. ஒரு கொத்தனார் தன் படத்தை எடுக்கச் சொல்கிறார். இதற்கிடையே அந்த 14 ‘சரி’ படங்களையும் கிளையன்ட்டின் சேஃப்டி ஆடிட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார் புராஜெக்ட் மேனேஜர். போஸ்டர் போடலாமா? படங்களை அனுப்பலாமா?

பதில்: ஆடிட்டுக்கு அனுப்பாதீர்கள். போஸ்டர் போடலாம், ஆனால் இப்போது வைத்திருக்கும் வடிவில் அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: படம் பார்ப்பவரிடம் என்ன சொல்கிறது, அது உண்மையா என்பது.

கொத்தனாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் கேட்பது நியாயம். ஐ.டி. கார்டுக்காக ஆபீஸ் சுவர் முன்னால் நிற்கவைத்து எடுத்த படம் அது. அங்கே யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. அந்தப் படத்தின் மேல் ‘தவறு’ என்று எழுதி சைட்டில் மாட்டினால், பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ‘இந்த ஆள் ஹெல்மெட் போடாமல் வேலை செய்து பிடிபட்டவர்’ என்றுதான். நடக்காத ஒன்றை அவர்மேல் ஏற்றுகிறீர்கள். எழுத்தாலோ பேச்சாலோ மட்டுமல்ல, படத்தாலும் அவதூறு செய்ய முடியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஒரு போஸ்டருக்காக யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியே இருக்கட்டும். வக்கீல் நோட்டீஸ் வரவும், கூடவே நஷ்டஈடு கேட்கவும் இது தாராளமாகப் போதும்.

சைட்டிலேயே உண்மையாக வெறுந்தலையோடு நின்றவரின் படமாக இருந்தால் பரவாயில்லையா என்றால், அது உங்களுக்கு இன்னும் மோசம். ஹெல்மெட் இல்லாத ஆளை வேலையிலிருந்து இறக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்தது போலாகும். எனவே இடது பக்கத்தில் உண்மையான ஆள் யாருமே வேண்டாம். கோட்டோவியம் போடுங்கள், அல்லது தரையில் கிடக்கும் ஹெல்மெட்டைப் படமெடுத்துப் போடுங்கள். செய்தி அதிலேயே போய்ச் சேரும்.

வலது பக்கப் படத்துக்குச் சம்மதம் வேண்டும். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் ஆட்டோ சங்கர் வழக்கு என்று சொல்வோமே, அந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில்தான். இதோடு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள்மேல் விழும் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. இன்று மாட்டும் போஸ்டர் அன்றைக்கும் சுவரில் இருக்கும் என்பதால், இப்போதே அந்தச் சட்டத்தின் அளவுகோலில் சம்மதம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

‘வேலை சம்பந்தப்பட்டதற்குச் சம்மதம் தேவையில்லை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதே’ என்று உங்கள் எச்.ஆர். சொல்லக்கூடும். 7-ஆம் பிரிவில் அப்படி ஒரு வழி இருப்பது உண்மை. ஐ.டி. கார்டுக்கும் வருகைப் பதிவுக்கும் அதை நம்பலாம். ஒருவரின் முகத்தை எடுத்து, உடையை மாற்றி, வருவோர் போவோர் எல்லாம் பார்க்கும் இடத்தில் மாட்டுவதற்கு அதை நம்பி நிற்க நான் சொல்லமாட்டேன். கார்டுக்குக் கொடுத்த படம் கார்டுக்குத்தான்.

சம்மதத்தை அவரவரிடமே வாங்க வேண்டும். லேபர் கான்ட்ராக்டரோ மேஸ்திரியோ மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் செல்லாது. வேலையில் சேரும்போது நீட்டும் பத்துப் பக்கப் படிவத்தில் ஒரு வரியாக நுழைப்பதும் கூடாது. சம்மதம் தனியாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 6-ஆம் பிரிவு. மறுத்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று சொன்னால் மற்ற 13 பேர் கொடுத்த சம்மதத்தின் மதிப்பும் போய்விடும். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

“என் புகைப்படத்தில் ஹெல்மெட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், கையுறை ஆகியவற்றைக் கணினியில் சேர்த்து, இந்த சைட்டின் உள்ளே பாதுகாப்புப் பயிற்சிப் போஸ்டரில் மட்டும் வைக்கச் சம்மதிக்கிறேன். இறுதிப் படத்தைப் பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. மறுத்தாலோ, பிறகு வேண்டாம் என்றாலோ, என் வேலைக்கும் கூலிக்கும் பாதிப்பு இல்லை. வேண்டாம் என்று சேஃப்டி ஆபீசரிடம் வாயால் சொன்னாலே 3 நாளில் எடுத்துவிடுவார்கள். சைட் முடிந்ததும் படத்தை அழித்துவிடுவார்கள்.”

இதில் ‘3 நாள்’ என்பது சட்டம் சொன்ன கணக்கல்ல, ஃபிளெக்ஸ் மாற்ற ஆகும் நேரம். ஆனால் சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்பது சட்டமே சொல்வது. கீழே தேதி, கையெழுத்து அல்லது கைரேகை, வாசித்துக் காட்டியவரின் பெயர் மூன்றும் வேண்டும். ஒடிசா, வங்காளம், பீகாரிலிருந்து வந்தவர்கள் இருந்தால் ஒடியா, வங்காளம், இந்தியில் தனித்தனித் தாள் கொடுங்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியில் கேட்டால் அந்த மொழியிலேயே அறிவிப்பு தர வேண்டும்.

‘இறுதிப் படத்தைப் பார்த்தேன்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஐ.டி. கார்டுப் படம் மார்புக்கு மேலேதான் இருக்கும். கையே இல்லாத படத்தில் கிளவுஸ் மாட்ட வேண்டுமென்றால், ஆப் கைகளையும் இடுப்பையும் தானாக வரைந்திருக்கும். பெண் சித்தாள்கள் படத்தில் ஜாக்கெட்டைப் பொருத்தும்போது உடல்வாகையே மாற்றிவிடும் ஆப்களும் உண்டு. அதைப் பார்க்காமல் கொடுத்த சம்மதம், எதற்கென்று தெரியாமல் கொடுத்ததுதான். என் யோசனை: 14 பேர் வேண்டாம், விரும்பி முன்வரும் மூன்று பேர் போதும். அவர்களைச் சைட்டிலேயே முழு உருவமாக நிற்கவைத்துப் புதிதாகப் படம் எடுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனிப் பலகையாக அச்சிட்டால், ஒருவர் விலகினால் ஒரு பலகையைக் கழற்றினால் போதும். ஆப்பில் ஏற்றிய பழைய 14 படங்களையும் அந்தக் கணக்கிலிருந்து அழித்துவிட்டு, அழித்த திரையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் படத்தை ஏதாவது கம்பெனியின் கேட்லாக்கிலிருந்து வெட்டி எடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தப் போட்டோவுக்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஹெல்மெட்டை வெள்ளைத் துணிமேல் வைத்து நேராக, பக்கவாட்டில், சற்று மேலிருந்து என மூன்று கோணத்தில் எடுத்தால் முடிந்தது. அப்படிச் செய்தால், நீங்கள் கொடுப்பது எதுவோ அதுவே போஸ்டரிலும் வரும். ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் கணினியில் வரைந்து ஒட்டாதீர்கள். தாடைப் பட்டி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஆப்கள் அதை அடிக்கடி விட்டுவிடும். பட்டி இல்லாத ஹெல்மெட்டுக்கு மேல் ‘சரி’ என்று எழுதியிருந்தால், விபத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் போஸ்டரைத்தான். கம்பி வளைக்கும் மெஷின், டிரில்லிங் மெஷின் பக்கத்தில் கிளவுஸ் போட்ட ஆளை நிற்கவைப்பதும் அப்படியே. சுழலும் பாகம் கிளவுஸைப் பிடித்துக் கையோடு உள்ளே இழுக்கும். அந்த மூலையில் மாட்டும் பலகையில் கிளவுஸ் இருக்கக் கூடாது.

இனி ஆடிட். ஆடிட்டர் கேட்பது ‘இந்த 14 பேருக்கும் பாதுகாப்புச் சாதனம் கொடுத்தீர்களா, போடுகிறார்களா’ என்பது. அதற்குப் பதிலாக இந்தப் படங்களை அனுப்பினால், போடாத ஒன்றைப் போட்டதாகச் சொல்லும் மின்னணு ஆவணத்தை நீங்கள் உருவாக்கியதாகிறது. போஸ்டரில் அது விளக்கப்படம். ஆடிட் ஃபைலில் அதே படம் பொய் ஆவணம். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால் போலி ஆவணக் குற்றத்துக்குள் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 336) வந்துவிடும்.

ஓர் உதாரணத்தில் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த 14 பேரில் ஒருவருக்குத் தலையில் அடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே போடவில்லை என்று காட்டினால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்தில் முதலாளி நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். அந்த வாதத்துக்காக யாரோ ஃபைலைப் புரட்டி, இந்தப் படத்தை எடுத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி முன் வைப்பார்கள். மின்னணுப் பதிவை வைக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கையெழுத்திட வேண்டும். மூல ஃபைலைக் கேட்டால் எடிட் செய்த ஆப்பின் தடயம் அதிலேயே இருக்கக்கூடும். அதுகூட வேண்டாம்: 14 தலைகளிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள ஹெல்மெட் இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். நீதி விசாரணையில் பயன்படுத்தப் பொய்ச் சாட்சியம் உருவாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அன்றைக்குக் கூண்டில் நிற்பது, படத்தை அனுப்பச் சொன்னவரா அனுப்பியவரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டுக்குத் தர வேண்டியது வழங்கல் பதிவேடு. ஆளின் பெயர், பொருள், ஹெல்மெட்டில் ஐ.எஸ். 2925 முத்திரை உண்டா, கொடுத்த தேதி, மாற்றிய தேதி, வாங்கியவரின் கையெழுத்து. கூடவே காலை டூல்பாக்ஸ் பேச்சின் வருகைத் தாளும், வேலை நேரத்தில் எடுத்த, தொடாத போட்டோக்களும். பதிவேட்டில் சிலருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். இந்த வாரமே கொடுத்து, கொடுத்த தேதியையே எழுதுங்கள். முன்தேதி போடாதீர்கள். பாதுகாப்புச் சாதனத்துக்காகக் கூலியில் பிடித்தம் செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தடுக்கிறது.

மேனேஜருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இவை போஸ்டருக்காகக் கணினியில் மாற்றிய மாதிரிப் படங்கள். ஆடிட் ஆதாரமாகத் தர முடியாது. வழங்கல் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன்.’ ஒருவேளை படங்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், கிளையன்ட் கேட்பதற்கு முன் அதே வாசகத்தை அவர்களுக்கும் எழுதித் திரும்பப் பெறுங்கள். போஸ்டரின் அடியில் ‘படங்கள் விளக்கத்துக்காகக் கணினியில் மாற்றப்பட்டவை’ என்று ஒரு வரி, படிக்கும் அளவில். கேட்டுக்கு வெளியே சாலையைப் பார்த்து மாட்டாதீர்கள். உள்ளாட்சி அனுமதி என்ற வேறு தலைவலி அதில் உண்டு, நீங்கள் வாங்கிய சம்மதமும் சைட்டுக்கு உள்ளே என்றுதான் இருக்கிறது.