ஃப்ரீலான்ஸ் பற்றி மாணவர்களிடம் என்ன பேசுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சில ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் இந்த வாழ்க்கை பற்றி அரை மணி நேரம் பேச அழைத்திருக்கிறார்கள். சுதந்திரம், விரும்பிய நேரத்தில் வேலை என்று ஆரம்பித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கஷ்டங்களை அடுக்கினால் பயந்துவிடுவார்கள். எதைப் பேசலாம்?
– ம.

அன்புள்ள ம.,

உங்களுடைய ஒரே ஒரு வேலையை எடுத்து, அதன் மணிக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அரை மணி நேரத்துக்கு அது போதும். அந்த மாணவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத விவரமும் அதுதான்.

பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். வடிவமைக்க 18 மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டு, வேலைக்குப் போனால் ஒரு மணிக்குக் கிடைக்கும் சம்பளத்தால் பெருக்கி விலை சொல்வதுதான் புதிதாக வருபவர்களின் வழக்கம். இப்போது நடந்ததை எழுதுங்கள். முதல் பேச்சு 2 மணி. விலைப்புள்ளி எழுத ஒன்றரை. படங்களையும் எழுத்துப் பிரதியையும் கேட்டுக் கேட்டு வாங்க 2. வடிவமைப்பு 18. முதல் திருத்தம் 3, இரண்டாவது 2, மூன்றாவது 5. அச்சுக்கான கோப்பு ஒன்றரை. பில் அனுப்பி நினைவூட்ட ஒன்று. மொத்தம் 36. மணிக்கு என்று கணக்கிட்ட தொகையில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது, வடிவமைப்பில் எந்தப் பிசகும் இல்லாமலேயே.

மூன்றாவது திருத்தத்துக்கு மட்டும் ஏன் 5 மணி நேரம் என்று அரங்கில் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். முதல் இரண்டு திருத்தங்களும் உங்களோடு பேசியவருடையவை. மூன்றாவது, அதுவரை முகமே காட்டாத மேலதிகாரியுடையது. அவர் முடிந்த கையேட்டைப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து வேறு மாதிரி வேண்டும் என்கிறார். இந்தத் தொழிலில் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே முதல் பேச்சிலேயே "கடைசியில் ஒப்புதல் தருபவர் யார்?" என்று கேட்டுவிட வேண்டும். விலைப்புள்ளியில் இரண்டு திருத்தங்கள் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் மூன்றாவது திருத்தத்துக்குப் பணம் கேட்பது சண்டையாகிவிடும். இருந்தால் அது வெறும் நினைவூட்டல்.

இதையே ஓர் ஆண்டுக்கு நீட்டிக் காட்டுங்கள். சம்பளக்காரருக்கு விடுப்பு நாட்களுக்கும் பணம் உண்டு. வாரம் 40 மணி வீதம் 52 வாரத்துக்கு 2080 மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறார். ஃப்ரீலான்சர் விடுமுறை, நோய், வேலை வராத நாட்கள் போக 44 வாரம் உழைக்கிறார் என்போம். அதிலும் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரத்துக்குத்தான் பில் போட முடியும். 880 மணி. அதே வருமானம் வேண்டுமென்றால் மணிக்கான விலை சம்பளத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு இருக்க வேண்டும். கணினி, மென்பொருள், காப்பீட்டுச் செலவுகளை இன்னும் சேர்க்கவேயில்லை. இந்த எண்ணைப் பார்த்த மாணவர், குறைந்த விலை சொல்லி வாடிக்கையாளரைப் பிடிக்கலாம் என்ற யோசனையைத் தானாகவே கைவிடுவார்.

பணம் வரும் நாளையும் சொல்லுங்கள். முதல் மாதம் தொடங்கிய கையேடு இரண்டாம் மாதம் முடிகிறது. பில்லுக்கு முப்பது நாள் தவணை. அது தாமதமானால் நான்காம் மாதம். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வாங்காமல் தொடங்கினால், இடைப்பட்ட மாதங்களின் வாடகையை ஃப்ரீலான்சர்தான் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

சுதந்திரம் பற்றி நீங்கள் தயங்க வேண்டியதில்லை, அது உண்மை. ஆனால் நினைத்த நேரத்தில் எழுந்திருப்பதை நான் அதில் சேர்க்க மாட்டேன். கெடு நெருங்கும்போது அது போய்விடும். ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிவதைத்தான் சுதந்திரம் என்பேன். சில மாதச் செலவுக்கான பணம் கையில் சேர்ந்த பிறகுதான் அது வாய்க்கும். இதைக் கேட்டு அவர்கள் பயப்பட மாட்டார்கள். அவர்களைப் பயமுறுத்துவது தெளிவில்லாத எச்சரிக்கைகள்தான்; கணக்கைக் காட்டினால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தொடங்குவார்கள்.

கடைசியில், "படிப்பு முடிந்ததும் நேரே இதில் இறங்கலாமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஓரிரு ஆண்டு ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்பது என் கருத்து. ஒரு பில் எத்தனை மேசைகளைக் கடந்து ஒப்புதல் பெறுகிறது, அந்த மூன்றாவது திருத்தத்தை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவருக்கு, வெளியிலிருந்து விலைப்புள்ளி எழுதும்போது எங்கே எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.