பெயரைத் தவறாக உச்சரித்த பிறகு

என்னுடன் புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் பெயர் Siobhan. கூட்டத்தில் ‘சியோபன்’ என்று அழைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஐரிஷ் மொழிப் பெயரான இதில் s ‘ஷ’ என்றும் bh ‘வ’ என்றும் ஒலிப்பதால் பெரும்பாலும் ‘ஷிவோன்’ என்பார்கள். ஆனாலும் ஒரே எழுத்துகளை ஒவ்வொருவரும் சற்று வேறாக ஒலிக்கக்கூடும் என்பதால், அவரிடமே தனியே கேளுங்கள். “உங்கள் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள், எப்படி உச்சரிக்க வேண்டும்?” என்பது போதும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு, தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். ‘கடினமான பெயர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். குறை பெயரில் இருப்பதுபோல் ஆகிவிடும். மீண்டும் நாக்குப் பிறழ்ந்தால், “சியோ... ஷிவோன் அனுப்பிய அறிக்கையில்” என்று அந்த இடத்திலேயே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள், நெடுநேரம் வருந்தினால், உங்களைத் தேற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்துவிடும்.