விண்ணப்பித்தாகிவிட்டது, பதில் இல்லை

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகி டர்பன் வந்து எட்டு வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். போன வருடம்தான் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. புரோஸ்பெக்டனில் ஒரு கிளியரிங் கம்பெனியில் கிரெடிட்டர்ஸ் கிளார்க் வேலைக்கு பிப்ரவரி 12 அன்று ஈமெயிலில் விண்ணப்பித்தேன். சி.வி., கோயம்புத்தூர் பி.காம். சான்றிதழ், பழைய கம்பெனிக் கடிதங்கள் என்று ஏழு ஃபைல் அனுப்பினேன். கடைசித் தேதி பிப்ரவரி 27. “கடைசித் தேதியிலிருந்து 14 நாளுக்குள் தகவல் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று கொள்ளவும்” என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. இன்று மார்ச் 8, ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினமும் போன் போடு என்கிறார். கொழுந்தனார், அந்த மேனேஜர் நம் கோயிலுக்கு வருகிறவர்தான், நான் பேசுகிறேன் என்கிறார். நகராட்சியில் ஒரு வேலைக்கும் போட்டிருக்கிறேன், அதற்கும் பதில் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

டர்பன் கம்பெனிகளில் ஆளெடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவள் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் பிப்ரவரி 12-லிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பெனி 27-லிருந்துதான் எண்ணும். கடைசித் தேதி வரைக்கும் வரும் விண்ணப்பங்கள் ஒரு ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. கிரெடிட்டர்ஸ் கிளார்க்கைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் அந்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவு மேனேஜர். சப்ளையர்களுக்கெல்லாம் பணம் போகவேண்டிய மாசக் கடைசியில், 25-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் ஏழு, எட்டு வரைக்கும் அவருக்குத் தலை தூக்க நேரம் இருக்காது. பிப்ரவரி முடிவில் பல கம்பெனிகளுக்கு வருடக் கணக்கும் முடிகிறது. அதனால் மார்ச் முதல் வாரத்தில் வந்த மௌனத்தை உங்களைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளை, நாளை மறுநாள்தான் அந்த ஃபோல்டர் திறக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதவேண்டிய நேரமும் அதுதான். விளம்பரத்தில் சொன்ன 14 நாள் மார்ச் 13, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு முன்னால், 10-ஆம் தேதி செவ்வாய் காலையில் ஒரு மெயில் போடுங்கள். திங்கள் வேண்டாம், அன்று எல்லாருக்கும் இன்பாக்ஸ் நிரம்பி வழியும். விளம்பரத்தில் நாள் கணக்கே சொல்லாமல் ‘தேர்வானவர்களை மட்டும் தொடர்புகொள்வோம்’ என்று மட்டும் இருந்தால், கடைசித் தேதியிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் விட்டு எழுதலாம். கடைசித் தேதியே இல்லையென்றால் அனுப்பிய நாளிலிருந்து இரண்டு வாரம் விடுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஏழு ஃபைல் எனக்கு உறுத்துகிறது. ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் சேர்ந்தால் மெயில் கனமாகிவிடும், பல அலுவலக சர்வர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்த தகவல் உங்கள் ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கலாம். இன்றே பிப்ரவரி 12, 13 தேதிகளில் அங்கே ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். முகவரியை விளம்பரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மெயில் திரும்பியிருந்தால் உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை, கடைசித் தேதியும் தாண்டிவிட்டது. அப்போது மறைக்காமல், இன்ன தேதியில் அனுப்பியது திரும்பியிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன், இன்னும் ஏற்க முடியுமா என்று கேட்டு, சி.வி.யை மட்டும் ஒரே பி.டி.எஃப். ஆக இணையுங்கள். திரும்பவில்லை என்றால், பழைய மெயிலையே திறந்து ரிப்ளை கொடுத்து எழுதுங்கள். உங்கள் பழைய விண்ணப்பம் அதன் அடியிலேயே இருக்கும், அவர்கள் தேடவேண்டியதில்லை. புது மெயிலாக சி.வி.யைத் திரும்ப அனுப்பாதீர்கள். ஒரே ஆள் இரண்டு தடவை பட்டியலில் ஏறினால், எது சரியான சி.வி. என்று பார்க்க உட்காருகிற பொறுமை யாருக்கும் கிடையாது.

மெயிலில் என்ன எழுதுவது? ‘என் விண்ணப்பம் என்ன ஆயிற்று’ என்று மட்டும் கேட்டால், பதில் சொல்லும் வேலையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களே தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பயன்படுகிற புதுத் தகவல் ஒன்று அதில் இருக்கவேண்டும். உங்களிடம் நல்லதாகவே ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர்ப் படிப்பு, கோயம்புத்தூர் வேலை என்று பார்க்கிற எவரும் முதலில் யோசிப்பது, இவருக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதைத்தான். தெரியாவிட்டால் கேட்பதில்லை, ஓரமாக வைத்துவிடுவார்கள். நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது என்று சி.வி.யின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, அதனால்தான் கேட்கிறேன். போடாவிட்டால் இந்த மெயில்தான் அதற்கு இடம். ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள், சாரம் இவ்வளவுதான்:

“கிரெடிட்டர்ஸ் கிளார்க் வேலைக்கு (விளம்பர எண் இன்னது) பிப்ரவரி 12 அன்று விண்ணப்பித்திருந்தேன். அது உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்ய முடிந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். என் சி.வி.யில் சொல்லாமல் விட்ட ஒன்று: எனக்குத் தென்னாப்பிரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை உண்டு, தனி வேலை விசா தேவையில்லை. நேர்காணலுக்கு எந்த நாளும் வரமுடியும். என் எண் இது.”

ஐந்து வரி போதும். ‘எட்டு வருடமாகக் காத்திருக்கிறேன்’, ‘குடும்பச் சூழ்நிலை’ என்றெல்லாம் சேர்க்காதீர்கள். உங்கள் கஷ்டம் பொய்யில்லை, ஆனால் அதைப் படிக்கிற கிளார்க்கால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, சங்கடப்பட்டு மூடிவிடுவார். வேறு இடத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று இல்லாததைச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம். சரி, அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுவார்கள்.

பதில் வரவில்லையா? 17 அல்லது 18-ஆம் தேதி காலை பத்து, பதினொரு மணிவாக்கில் ஒரே ஒரு போன். கம்பெனி ரிசெப்ஷனுக்குப் போட்டு ஆளெடுக்கும் பிரிவைக் கேளுங்கள். கேட்கவேண்டியது ஒரு கேள்விதான்: அந்த வேலைக்கு ஷார்ட்லிஸ்ட் முடிந்துவிட்டதா? முடிந்தது என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். முடியவில்லை என்றால், எப்போது முடியும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதிக்கு முன் தொடாதீர்கள். ஆன்ட்டி சொல்கிற மாதிரி தினமும் போட்டால், மூன்றாம் நாள் ரிசெப்ஷனிலேயே உங்கள் பெயர் தெரிந்துவிடும், நீங்கள் விரும்புகிற விதத்தில் அல்ல. நேரில் போவதும் அப்படித்தான். சின்னக் கடை, பட்டறை என்றால் முதலாளியே முன்னால் நிற்பார், நேரில் போவது நல்லது. புரோஸ்பெக்டன் மாதிரித் தொழிற்பேட்டைகளில் கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது, அவரிடம் கொடுத்துவிட்டு வருகிற காகிதம் உள்ளே போகும் என்று நம்ப வழியில்லை.

கொழுந்தனார் விஷயத்தை நிதானமாகச் சொல்லவேண்டும். கோயிலில் அந்த மேனேஜரைப் பார்க்கும்போது, என் அண்ணி விண்ணப்பித்திருக்கிறார், பெயர் இது என்று ஒரு தடவை சொல்வதில் தவறில்லை. தனியார் கம்பெனிகளில் இப்படித் தெரிந்து வருகிறவர்களை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய சொந்த வாட்ஸ்அப் எண்ணை வாங்கி உங்கள் சி.வி.யை அனுப்புவது வேறு. அது அவரை ஒரு இக்கட்டில் தள்ளுகிறது. பூசை முடிந்து குடும்பத்தோடு நிற்கிறவரிடம் பதில் கேட்பதும் வேண்டாம்.

நகராட்சி வேலைக்கு மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் யாரையும் பேசவைக்காதீர்கள். அந்த விளம்பரங்களில் பொதுவாகவே ஒரு வரி இருக்கும்: கவுன்சிலர்களையோ அதிகாரிகளையோ சிபாரிசுக்கு அணுகினால் விண்ணப்பம் தகுதி இழக்கும். நல்லெண்ணத்தில் யாராவது ஒரு கவுன்சிலர் அங்கிளிடம் சொல்லிவைத்தால், உங்கள் விண்ணப்பம் அதோடு போகும். காலக்கெடுவும் வேறு. அரசாங்க வேலைகளில் கடைசித் தேதியிலிருந்து மூன்று மாதம் என்று போட்டிருப்பது வழக்கம். அந்தக் கெடு முடியும்வரை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. விளம்பரத்தில் விசாரணைக்கு என்று ஒருவர் பெயரும் எண்ணும் இருந்தால், கெடு முடிந்தபின் அவரிடம் கேட்கலாம்.

ஏஜென்சி வழியாக எப்போதாவது போட்டால் இதையும் நினைவில் வையுங்கள். பின்தொடரவேண்டியது ஏஜென்சியை மட்டும். அவர்களைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கு எழுதினால், உங்களை அறிமுகப்படுத்தியது யார், கட்டணம் யாருக்கு என்று அவர்களுக்குள் தகராறு வரும். தகராறு வருகிற ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளை எடுப்பதுதான் சுலபம். இங்கே ஏஜென்சியின் கட்டணத்தைக் கொடுப்பது கம்பெனி. வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்குப் பணம் வாங்கக்கூடாது என்று 2014-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ‘தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று மெசேஜ் வந்தால், காத்திருந்து அலுத்துப்போன நேரத்தில் கட்டிவிடத் தோன்றும். கட்டாதீர்கள்.

போனுக்கும் பிறகு ஒன்றும் இல்லையென்றால் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு இடங்களுக்குப் போடுங்கள். ஆனால் மார்ச் 13 தாண்டிவிட்டதால் கதை முடிந்தது என்று நினைத்து, உங்கள் எண்ணுக்கு வரும் போனை விட்டுவிடாதீர்கள். முதலில் தேர்வானவர் ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர் என்றால் நான்கு வார நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அந்த நான்கு வாரத்தில் பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அப்போது கம்பெனி மறுபடி விளம்பரம் கொடுக்காமல் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது ஆளைக் கூப்பிடும். அந்த அழைப்பு ஏப்ரலில்கூட வரலாம், 031 என்று தொடங்கும் தெரியாத எண்ணிலிருந்து வரும். விற்பனைக்காரர்கள் என்று நினைத்து நம்மில் பாதிப்பேர் எடுப்பதில்லை. உங்கள் போனில் தெரியாத எண்களைத் தடுக்கிற வசதி போட்டிருந்தால் இந்த இரண்டு மாதத்துக்கு எடுத்துவிடுங்கள், வாய்ஸ்மெயில் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

அன்புடன்,
அக்கா