மருந்தை வெளியே தள்ளும் பம்ப்: வாசகர் கேள்விகள் ஐந்து

மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன். நான்கு கேள்விகள் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற ஒரே புரதத்தைச் சுற்றியவை. இனி அதைச் சுருக்கமாக பி-ஜிபி என்கிறேன். கடைசிக் கேள்வி, எதிர்த் திசையில் வேலை செய்யும் ஒன்றைப் பற்றியது.

அப்பாவுக்கு 74 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் பல வருடமாக டிகாக்சின் 0.25 மி.கி. சாப்பிடுகிறார். நெஞ்சுச் சளிக்கு கிளாரித்ரோமைசின் 500 மி.கி. இரண்டு வேளை கொடுத்தார்கள். நாலாம் நாள் குமட்டல், வாந்தி, நாடி 44. ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம், ரத்தத்தில் பார்த்தால் டிகாக்சின் 3.1. மாத்திரை அதே அளவுதானே, எப்படி ஏறும்?

மாத்திரை அதே அளவுதான். ஆனால் அதில் எவ்வளவு உடம்பில் தங்கும் என்பது மாறிவிட்டது. குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களில், உணவு போகும் பக்கத்துச் சவ்வில் பி-ஜிபி உட்கார்ந்திருக்கிறது. டிகாக்சின் செல்லுக்குள் நுழைந்ததும் அதில் ஒரு பங்கைப் பிடித்து, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். அதே பம்ப் சிறுநீரகக் குழாய்ச் செல்களில் சிறுநீர்ப் பக்கம் இருக்கிறது, அங்கே ரத்தத்திலிருந்து வந்த டிகாக்சினைச் சிறுநீருக்குள் தள்ளும். கிளாரித்ரோமைசின் இந்தப் பம்பை அடைத்துவிடுவதால் உள்ளே வருவது கூடுகிறது, வெளியே போவது குறைகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். 74 வயதில் சிறுநீரகம் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிகாக்சினை உடம்பு பெரிதாகச் சிதைப்பதில்லை, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில்தான் போகிறது. அதனால்தான் பி-ஜிபியை யாராவது தொட்டால் இந்த மருந்தில் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. முன்பெல்லாம் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள்: சிலருடைய குடலில் டிகாக்சினைச் செயலிழக்க வைக்கும் ஒரு பாக்டீரியா இருக்கிறது, ஆன்டிபயாட்டிக் அதைக் கொன்றுவிடுகிறது என்று. அதுவும் பொய்யில்லை. ஆனால் கிளாரித்ரோமைசின் எடுக்கும்போது சிறுநீரகம் வழியாக டிகாக்சின் வெளியேறுவதும் குறைகிறது, அதைக் குடல் பாக்டீரியாவை வைத்து விளக்க முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களைப் பற்றி 2003-ல் வெளியான ஆய்வில், டிகாக்சின் நச்சாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய வாரத்தில் கிளாரித்ரோமைசின் எடுத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 12 மடங்கு.

இரண்டு விஷயங்களை டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று, ரத்தம் எப்போது எடுத்தார்கள்? மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மருந்து திசுக்களுக்குள் பரவி முடிந்திருக்காது, எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்பாவுக்கு நாடியும் விழுந்து வாந்தியும் இருந்ததால் 3.1 உண்மையாகத்தான் இருக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டினாலே ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம், இதயம் பலவீனமானவர்களுக்கு 0.5 முதல் 0.9 வரை இருந்தால் போதும் என்பதுதான் இப்போதைய வழக்கம். இரண்டு, அவருக்கு அமியோடரோன், வெரபாமில் போல எதுவும் புதிதாகச் சேர்க்கப்போகிறார்களா? அவையும் இதே பம்பை அடைப்பவை, அமியோடரோன் தொடங்கும்போது டிகாக்சினைப் பாதியாக்குவது பழைய வழக்கம். டிகாக்சினின் அரை ஆயுள் சிறுநீரகம் நன்றாக இருந்தாலே ஒன்றரை நாள், அதனால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதும் மறுநாளே அளவு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரானது காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். அது பம்பை அடைக்காது, குடலில் பம்புகளின் எண்ணிக்கையையே கூட்டிவிடும். 1999-ல் வந்த ஒரு ஆய்வில் குடல் பி-ஜிபி 3.5 மடங்கு ஆனது, வாயால் கொடுத்த டிகாக்சினின் அளவு ரத்தத்தில் விழுந்தது, ஊசி வழியாகக் கொடுத்ததில் அந்த வீழ்ச்சி குறைவு. புதுப் பம்புகள் உருவாக ஓரிரு வாரம், ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு மறையவும் ஓரிரு வாரம். காசநோய் சிகிச்சை நடக்கும்போது டிகாக்சினைக் கூட்டியிருந்தால், சிகிச்சை முடிந்ததும் அதைக் குறைக்க யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது அந்த இடத்தில்தான்.

எம்.ஃபார்ம் படிக்கிறேன். எங்கள் மூலக்கூறை, குடல் சுவர் போலத் தட்டில் வளரும் கேகோ-2 செல்களில் 5 மைக்ரோமோலாரில் சோதித்தோம். ஊடுருவும் வேகம் குடல் பக்கமிருந்து ரத்தப் பக்கம் 1.5, எதிர்த் திசையில் 12, அதாவது எஃப்ளக்ஸ் விகிதம் 8. இதை மாத்திரையாகக் கொடுக்கவே முடியாது என்று கைடு சொல்கிறார். சரியா?

அவசரப்படுகிறார். விகிதம் 2-ஐத் தாண்டியிருப்பதால் பம்ப் இந்த மூலக்கூறைப் பிடிக்கிறது என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். அதுவும் ஜோசுகிடார் மாதிரி ஒரு தடுப்பானைச் சேர்த்து, விகிதம் 1 பக்கம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு. கேகோ-2 செல்லில் பிசிஆர்பி என்ற இன்னொரு வெளித்தள்ளியும் இருக்கிறது, உங்கள் 8-க்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கூடவே, இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை சதவீதம் மருந்து திரும்பக் கிடைத்தது என்று கணக்குப் பாருங்கள். கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எண்ணைக் கெடுப்பது சாதாரணம்.

இனி உண்மையான கேள்வி. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கசிவு சிறிதாக இருந்தால் படகு காய்ந்தே இருக்கும், கசிவு பெருகினால் அவர் அதே வேகத்தில் இறைத்தும் படகு நிரம்பிவிடும். பம்பின் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. உங்கள் டோஸ் 400 மி.கி. என்று வைப்போம், ஒரு டம்ளர் தண்ணீர் 250 மி.லி., மூலக்கூறு எடை 450. எல்லாம் கரைந்தால் குடலில் சுமார் 3,500 மைக்ரோமோலார். நீங்கள் தட்டில் சோதித்ததைப் போல 700 மடங்கு! அந்த வெள்ளத்தில் பி-ஜிபி திணறிப்போகும், மருந்து உள்ளே போய்விடும். டிகாக்சினுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.25 மி.கி.-க்கு 1.3 மைக்ரோமோலார்தான் வருகிறது, பம்ப் நிதானமாக வேலை செய்யும். ஆக, விகிதம் 8 என்பதைவிட டோஸ் எவ்வளவு, எவ்வளவு கரைகிறது என்பவைதான் குடலில் தீர்ப்பு சொல்லும். 100 மைக்ரோமோலாரிலும் ஒரு முறை ஓட்டுங்கள், விகிதம் சரிந்தால் கைடிடம் காட்டுங்கள்.

ஆனால் மூளைக்குப் போக வேண்டிய மருந்தாக இருந்தால் கைடு பயப்படுவது நியாயம். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் அளவு மிகக் குறைவு, மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் இதே பம்ப் அங்கே திணறாது.

எங்கள் வீட்டு கோலி நாய்க்குச் சொறி. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி வேண்டாம், இந்த இனத்துக்கு ஆகாது என்கிறார். பக்கத்து வீட்டு நாட்டு நாய்க்குப் போட்டு ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். கோலி இனத்தில் பலவற்றுக்கு பி-ஜிபி மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அதனால் வேலை செய்யும் பம்ப் உருவாவதே இல்லை. 2001-ல் இது தெரியவந்தது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் பம்ப் இல்லாவிட்டால் ஐவர்மெக்டின் தடையில்லாமல் உள்ளே போகும்: தள்ளாட்டம், எச்சில் வடிதல், கண் தெரியாமல் போவது, கோமா. இதயப் புழுவைத் தடுக்கக் கொடுக்கும் மாதாந்திர அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், இவற்றுக்கும் பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுப்பது அதைப்போல 50 மடங்குக்கு மேல், பிரச்சினை அங்கேதான்.

இந்த உண்மை முதலில் வெளிவந்த விதம் வேடிக்கை, எலிகளுக்கு இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃப்ரெட் ஷின்கல் குழுவினர் பி-ஜிபி இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தார்கள். பார்த்தால் எந்தக் குறையும் இல்லை, நன்றாகத் தின்று குட்டி போட்டன. கூண்டில் உண்ணி வந்துவிட்டது என்று வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள், பம்ப் இல்லாத எலிகள் செத்து விழுந்தன, சாதாரண எலிகள் அப்படியே இருந்தன. பிறகு அளந்து பார்த்தால் பம்ப் இல்லாத எலிகளின் மூளையில் மருந்து 87 மடங்கு, ரத்தத்தில் சில மடங்குதான் கூடுதல். 1994-ல் இது வெளியானது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் இதைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபெரமைடு உண்மையில் ஓபியாய்டு வகை, மூளைக்குள் நுழைய பி-ஜிபி விடாததால்தான் மயக்கம் தராமல் குடலோடு நின்றுகொள்கிறது. 2000-ல் வந்த ஆய்வில் அதோடு பம்பை அடைக்கும் குவினிடின் கொடுத்தபோது ஆரோக்கியமானவர்களுக்கு மூச்சு மட்டுப்பட்டது, ரத்தத்தில் லோபெரமைடு ஏறியது அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. (யாராவது இதைப் படித்துவிட்டு நிறைய மாத்திரை விழுங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால்: அதிக அளவு லோபெரமைடு இதயத் துடிப்பையே நிறுத்தியிருக்கிறது.) அதே சமயம் எலியின் 87 மடங்கை மனிதருக்கு அப்படியே நீட்டாதீர்கள். பம்பை அடைக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் கொடுத்து மனிதர்களை பெட் ஸ்கேனில் பார்த்தபோது மூளைக்குள் வெரபாமில் போனது ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆனது. மருந்தால் பம்பைப் பாதி அடைப்பது வேறு, பிறப்பிலேயே பம்ப் இல்லாதது வேறு.

அம்மாவுக்கு டாக்சோரூபிசினில் கட்டி நன்றாகச் சுருங்கியது, இப்போது அசையவில்லை. புற்றுச் செல் மருந்தை வெளியே தள்ளுகிறது என்று படித்தேன். அந்தப் பம்பை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன?

நல்ல கேள்வி, இதே யோசனையில்தான் பல வருட ஆராய்ச்சி போனது. பி-ஜிபியே இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது: 1976-ல் ஜூலியானோவும் லிங்கும் கொல்கிசினுக்கு அசையாத ஹாம்ஸ்டர் செல்களின் சவ்வில் இதைப் பார்த்தார்கள். 1981-ல் வெரபாமில் சேர்த்தால் வின்கிறிஸ்டினுக்கு அடங்காத ரத்தப் புற்றுச் செல்கள் திரும்ப அடங்குவதை ஜப்பானில் காட்டினார்கள். தட்டில் வேலை செய்த அளவை மனிதருக்குக் கொடுத்தால் இதயம் தாங்காது, அது முதல் அடி. பிறகு வந்த வால்ஸ்போடார் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்து அடைத்தது. கீமோ மருந்து உடம்பில் தேங்கியதால் அதன் டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று, கட்டிக்கு லாபமில்லை. வயதான ரத்தப் புற்றுநோயாளிகளில் நடந்த ஒரு சோதனையில் வால்ஸ்போடார் வாங்கியவர்களில் ஆரம்ப மரணங்கள் கூடுதலாக இருந்ததால் அந்தப் பிரிவையே மூடினார்கள். நொதியைத் தொடாத ஜோசுகிடாரும் பலன் காட்டவில்லை.

என் பார்வையில் அடிப்படைச் சிக்கல் இரண்டு. எலும்பு மஜ்ஜை, குடல், மூளை எல்லாவற்றையும் காப்பதும் இதே பம்ப்தான், கட்டியில் மட்டும் அடைக்க வழியில்லை. அப்புறம், கட்டி அடங்காததற்கு பி-ஜிபிதான் காரணம் என்பது பலரிடம் உண்மையே இல்லை. வேறு வெளித்தள்ளிகள் இருக்கலாம், மருந்து தாக்கும் இடமே மாறியிருக்கலாம். அதனால் உங்கள் அம்மாவின் டாக்டர் பம்பை அடைக்க யோசிக்காமல், பி-ஜிபி பிடிக்காத வேறு மருந்துக்கு மாற்றினால் அது நியாயமான வழி. சிஸ்பிளாட்டின் அப்படி ஒன்று. அது அவருடைய கட்டி வகைக்குப் பொருந்துமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள்-மிளகுச் சாறு அடர்த்தியாக்கிய கேப்சூல்களைக் கீமோ நடக்கும்போது நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மிளகின் பைப்பரின் இந்தப் பம்பையும் கல்லீரல் நொதியையும் சோதனைக் கூடத்தில் தடுக்கிறது. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிச் சொல்லவில்லை, தாராளமாக ரசம் வையுங்கள்.

ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரையை ஆரஞ்சு ஜூஸோடு போடக்கூடாது என்று அட்டையில் இருக்கிறது. ஏன்?

குடல் செல்லில் வெளியே தள்ளும் பம்ப் மட்டுமில்லை, உள்ளே இழுக்கும் கடத்திகளும் உண்டு. ஃபெக்ஸோஃபெனடின் தானாகச் சவ்வைக் கடக்கத் தெரியாதது, ஓஏடிபி என்ற கடத்தி இழுத்தால்தான் போகும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃபுரூட் ஜூஸ்கள் அந்தக் கடத்தியைத் தடுக்கின்றன. கிரேப்ஃபுரூட் ஒரு பெரிய டம்ளர் குடித்தாலே உள்ளே போகும் மருந்து ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. ஆபத்து ஒன்றுமில்லை, தும்மல் நிற்காது. வெறும் தண்ணீரில் போடுங்கள், ஜூஸை நாலு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.