வாய் கோணினால் முதலில் நெற்றியைப் பாருங்கள், அப்புறம் காதை, தினமும் கண்ணை

முகவாதம் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், அதனால் காதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். கண்ணைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசப் போகிறேன், காரணம் போகப் போகத் தெரியும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): அப்பாவுக்கு 56 வயது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது, பார்த்தால் வாய் இடது பக்கம் இழுத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் பக்கவாதம் என்கிறார்கள், பெரியப்பா காற்று அடித்துவிட்டது என்கிறார். எதை நம்புவது?

முதலில் ஒன்று. வாய் இடது பக்கம் இழுத்திருந்தால் பாதிப்பு வலது பக்கத்தில். நல்ல பக்கத்துத் தசைதான் இழுக்கும். பலர் இழுத்த பக்கத்துக்குத்தான் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

அப்பாவை எதிரில் உட்கார வைத்து, "புருவத்தைத் தூக்கிக் கூரையைப் பாருங்கப்பா" என்று சொல்லுங்கள். இரண்டு பக்க நெற்றியிலும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் மூளையில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியும் வழவழவென்று அசையாமல் கிடந்து, அந்தக் கண்ணையும் மூட முடியாவிட்டால் பெரும்பாலும் முக நரம்பே செயலிழந்திருக்கிறது. காரணம் எளிது: நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது, ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். முகத்துக்குள் வரும் நரம்பு மட்டும் பக்கத்துக்கு ஒன்றுதான், அது போனால் நெற்றி முதல் வாய் வரை எல்லாமே போகும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மூளைத்தண்டில் அடைப்பு வந்தாலும் சில சமயம் நெற்றி அசையாது. அதனால் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாட்டம் இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் நெற்றியைப் பற்றி யோசிக்காமல் கிளம்புங்கள். ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கீழத் தஞ்சை ஊர்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே அதில் ஒரு பங்கு போய்விடும். சந்தேகமாக இருந்தால் பக்கவாதம் என்றே நினைத்துப் போங்கள், இல்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதான்.

பெரியப்பா சொன்ன காற்று? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த மறுநாள் வந்தது என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள், ஆனால் காற்றுதான் காரணம் என்று யாரும் காட்டியதில்லை. காரணம் தெரியாமல் மூன்று நாளுக்குள் முழுதாக வந்துவிடுகிற முக நரம்புச் செயலிழப்பைப் பெல்ஸ் பால்சி என்கிறோம். உடலுக்குள் தூங்கிக்கிடக்கும் வைரஸ் விழித்து, நரம்பு வீங்கி, காது எலும்புக்குள் உள்ள குறுகலான குழாய்க்குள் நெரிபடுகிறது என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கும் விளக்கம்.

கேள்வி (மயிலாடுதுறை): பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காதில் சீழ் வரும், நாற்றமும் இருக்கும். இப்போது அதே பக்கம் முகம் கோணிவிட்டது. பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா?

வேண்டாம்மா. நாளைக்கும் தள்ளாதீர்கள், இன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள்.

முக நரம்பு நடுக்காதின் உள்சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. அதை மூடியிருக்கும் எலும்பு மெல்லிய தகடு, சிலருக்குப் பிறவியிலேயே அங்கே சின்னத் திறப்பு இருக்கும். வருடக்கணக்கில் நாற்றத்தோடு சீழ் வரும் காதில், தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டே போகும் நோய் ஒன்று இருக்கலாம். அரித்து அரித்து நரம்பைத் தொடும்போது முகம் கோணும். இதைப் பெல்ஸ் பால்சி என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரையோடு நிறுத்தினால் நோய் உள்ளேயே இருக்கும். சி.டி. ஸ்கேன் எடுத்து, தாமதிக்காமல் அறுவை செய்து சுத்தப்படுத்த வேண்டியது. எண்ணெய் ஊற்றினால் செவிப்பறையில் உள்ள ஓட்டை வழியாக அது நேரே உள்ளே போகும். எங்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு முகம் கோணுவதற்கு இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் வலி. அப்படியானால் காது நோயா?

வலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெல்ஸ் பால்சியிலேயே காதுக்குப் பின்னால் மந்தமான வலி சகஜம். சத்தம் அதிகமாகக் கேட்பது, நாக்கில் ஒரு பக்கம் ருசி மங்குவது இரண்டும்கூட அந்த நரம்பின் கிளைகளால் வருபவைதான்.

நான் தேடுவது வேறு. காது மடலிலோ துவாரத்திலோ, வாய்க்குள் அண்ணத்திலோ கொப்புளம், கூடவே காது மந்தம், இரைச்சல், தலைசுற்றல். இது அக்கி. சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து காதில் வெளிவருகிறது, ராம்சே ஹன்ட் என்று பெயர். வலி கடுமையாக இருக்கும், முகம் முழுதாகத் திரும்புவதற்கான வாய்ப்பு பெல்ஸ் பால்சியைவிடக் குறைவு, ஸ்டீராய்டோடு வைரஸ் மாத்திரையும் சீக்கிரம் வேண்டும். கொப்புளம் சிலருக்கு முகம் கோணி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும், அதனால் முதல் நாள் காது சுத்தமாக இருந்தது என்று விட்டுவிடாமல் ஒரு வாரம் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கம் அக்கிக்குக் காவியில் எழுதுகிற வழக்கம் உண்டு. மனதுக்காக எழுதிக்கொள்வதில் சண்டை போட மாட்டேன், ஆனால் எழுதிவிட்டுக் காத்திருந்தால் மாத்திரை வேலை செய்யும் நாட்கள் போய்விடும்.

சர்க்கரை உள்ள பெரியவர்கள், இரவில் தூங்க விடாத ஆழமான காது வலி வாரக்கணக்கில் இருந்து அப்புறம் முகம் கோணினால், அது காதிலிருந்து எலும்புக்குப் பரவும் கிருமித்தொற்றாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய விஷயம்.

கேள்வி (மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயி): தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் எனக்கு வலது முகம் போனது. மாத்திரை கொடுத்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்ததால் சொட்டு மருந்து எதற்கு என்று விட்டுவிட்டேன். கண் மூடாததால் இரவில் பஞ்சு வைத்துக் கட்டினேன், பகலில் மெஷின் அறுப்பு நடந்த இடத்தில் நின்றேன். பத்தாவது நாள் கண் சிவந்து கூசியது, கருவிழியில் புண் என்றார்கள். வாய் இப்போது சரியாகிவிட்டது, பார்வை மட்டும் அந்தக் கண்ணில் மங்கல். எங்கே தவறு நடந்தது?

ஐயா, நீங்கள் செய்ததைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இமையைத் தூக்குவது ஒரு நரம்பு, மூடுவது இந்த முக நரம்பு. மூடுகிற நரம்பு மட்டும் போனதால் கண் திறந்தபடியே நிற்கிறது. தண்ணீர் கொட்டியது ஈரம் அதிகமானதால் அல்ல. கீழ் இமை தொங்கிவிட்டதால் கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் கன்னத்தில் வழிகிறது. ஈரத்தைக் கருவிழி மேல் பூசுவது இமைக்கும் அசைவுதான், அது நின்றுவிட்டதால் கன்னம் நனைய நனைய கருவிழியின் கீழ்ப்பாதி காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்தது பஞ்சு. அதன் அடியில் கண் திறந்துகொண்டால் நார் நேராகக் கருவிழியை உரசும். ராத்திரி முழுக்க அப்படியே உரசியிருக்கும்.

மூன்றாவது களம். அறுப்பு மெஷின் கிளப்பும் தூசியும் சுணையும் மூடாத கண்ணுக்குள் போய், காய்ந்த கருவிழியைக் கீறியிருக்கும். நெல் சுணை, வைக்கோல் துணுக்கு கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் வருவது நம் தென்மாவட்டக் கண் மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய், ஆற்றுவதற்கு வாரங்கள் ஆகும், ஆறிய இடத்தில் தழும்பு நின்றுவிடும். உங்கள் மங்கல் அந்தத் தழும்பாக இருக்கலாம், கண் மருத்துவரிடம் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

இனி வருகிறவர்களுக்கு: விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை, குறைந்தது இரண்டு மணிக்கொரு முறை, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. இத்தனை தடவை போடுவதால் கெடாமலிருக்கும் ரசாயனம் சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். நடுநடுவே விரலால் மேல் இமையை மெதுவாக இறக்கி மூடித் திறங்கள். வெளியே போனால் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, களத்துக்கும் பைக்குக்கும் கொஞ்ச நாள் லீவு. ஃபேன் முகத்துக்கு நேரே வேண்டாம். இரவில் கீழ் இமைக்குள் கண் களிம்பு (பார்வை மங்கும், அதனால்தான் இரவில்), பிறகு மேல் இமையை விரலால் இறக்கி மூடி, காகிதப் பிளாஸ்திரியால் நேரடியாக இமையின் தோல் மேல் ஒட்டுங்கள். ஒட்டியதும் வீட்டில் ஒருவர் டார்ச் அடித்து, இடைவெளி இல்லை என்று பார்க்கட்டும்.

அதே டார்ச்சில் இன்னொன்றும் பார்க்கலாம். பிளாஸ்திரி ஒட்டுவதற்கு முன் கண்ணை மூட முயலச் சொன்னால் கருவிழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரிகிறதா, கருப்பே தெரிகிறதா? கருப்பு தெரிந்தால் ஆபத்து கூடுதல், கண் மருத்துவரை அந்த வாரமே பாருங்கள். சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், வெள்ளைப் புள்ளி எது வந்தாலும் அன்றைக்கே. கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்காதீர்கள், பூஞ்சைப் புண்ணை அது தீனி போட்டு வளர்க்கும். தாய்ப்பால், இலைச்சாறும் வேண்டாம்.

கேள்வி (நாகப்பட்டினம்): சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் கூடவே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் பிரெட்னிசோலோன் தினம் 50 மில்லிகிராம், பத்து நாள் என்பது ஒரு வழக்கமான முறை, 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் தெளிவான பலன். காலையில் சாப்பிடுகிற மாத்திரை மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், வெறும் வயிற்று அளவு நன்றாக இருக்கிறது என்று ஏமாறாமல் மாலையிலும் பாருங்கள். சர்க்கரை மாத்திரை அளவை உங்கள் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி (திருவாரூர்): மூன்று வாரம் ஆகியும் துளி அசைவு இல்லை. கரண்ட் வைத்தால் சரியாகுமா?

பெல்ஸ் பால்சியில் மருந்தே இல்லாமல்கூட பத்தில் ஏழு பேருக்கு முழுதாகத் திரும்பிவிடுகிறது, பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது அசைவு தொடங்கும். தொடங்காதவர்களுக்கும் மூன்று நான்கு மாதத்தில் வர ஆரம்பிக்கலாம், ஆனால் அதுவரை சும்மா காத்திருக்க மாட்டேன், இப்போதே ஒருமுறை திரும்பக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் அசைவே இல்லை, அல்லது முதலிலிருந்தே முகம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்றால் நரம்பின் பாதையில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையும் தொட்டுப் பார்ப்போம்.

கரண்ட் வைப்பதால் பலன் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை, அதற்கு வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறுவதை நான் சொல்ல மாட்டேன். பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது என்று முழு பலத்தோடு செய்வதும் வேண்டாம், நல்ல பக்கம்தான் இன்னும் இழுக்கும். அசைவு வந்த பிறகு கண்ணாடி முன்னால் மெதுவாக, ஒவ்வொரு தசையாகப் பழகுங்கள். சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து மூடினால் நரம்பிழை தவறான தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதற்குத் தனியாகப் பயிற்சி உண்டு, முகப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். கண் சொட்டை மட்டும், இமை முழுதாக மூடுகிற நாள் வரை விடாதீர்கள்.