லீவு சர்டிபிகேட்: டாக்டரிடம் எப்படிக் கேட்பது

"3 முதல் 7 வரை காய்ச்சல். 4ஆம் தேதிதான் தண்டையார்பேட்டையில் கிளினிக் போனேன். இப்போது ஹெச்.ஆர். சர்டிபிகேட் கேட்கிறார்கள். டாக்டரிடம் என்ன சொல்வது?"

முதலில் அந்த 4ஆம் தேதிச் சீட்டை எடுத்து வையுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்த நாளிலிருந்துதான் எழுதுவார். 3ஆம் தேதியையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அது அவருக்குச் சிக்கல். அந்த ஒரு நாளுக்கு கேஷுவல் லீவு போடுங்கள்.

ஹெச்.ஆர். மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் போய் இப்படிக் கேளுங்கள்: "சார், 4ஆம் தேதி காய்ச்சலுக்கு உங்களிடம் பார்த்தேன், சீட்டு இதோ. 4 முதல் 7 வரை ஓய்வு தேவைப்பட்டது, 8ஆம் தேதி முதல் வேலைக்குப் போகலாம் என்று எழுதித் தர முடியுமா? ஆபீஸில் உங்கள் பதிவு எண்ணும் சீலும் கேட்கிறார்கள்."

நீங்களே நேரில் போங்கள், தம்பியை அனுப்பாதீர்கள். சர்டிபிகேட் கொடுக்கும்போது டாக்டர் உங்கள் அங்க அடையாளத்தைக் குறித்துக் கையெழுத்தும் வாங்க வேண்டும். பிரதி ஒன்றும் அவரிடம் இருக்கும். கன்னத்து மச்சமோ முழங்கைத் தழும்போ, ஒன்றைச் சொன்னால் போதும்.

வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். எனக்கு ஒரு தடவை சீல் மை பரவி, பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. ஆபீஸில் திருப்பிவிட்டார்கள். ராயபுரத்திலிருந்து மறுபடி அலைந்தேன். அதனால் எண்ணைப் பேனாவாலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.