மழைச் சான்று கேட்க வேண்டாம், மழைப் பதிவேட்டைக் கேளுங்கள்

கேள்வி: நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளர். எங்கள் பகுதியில் மானாவாரி மக்காச்சோளம் கருகிவிட்டது. “மழை பொய்த்ததற்குச் சான்று தரவும்” என்று சங்கக் கடிதத்தாளில் தாசில்தாருக்கு எழுதினேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பதில் வராததற்கு உங்கள் கடிதமே அலுவலகத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. சாதாரண மனுவாகப் போனதால் அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் காலக்கெடு பொருந்தாது. மழை பொய்த்தது என்பது ஒரு முடிவு. தன்னிடம் உள்ள பதிவைத்தான் அலுவலகம் தர வேண்டும், புதிதாக ஒரு முடிவை எழுதித் தர வேண்டியதில்லை.

தகவல் பெறும் உரிமை சட்டம், 2005இன் 6(1) பிரிவின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்குப் புதிதாக எழுதுங்கள். 3ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. அதனால் சங்கத்தின் பெயரில் கேட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பலாம். உங்கள் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியோடு கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசகம் இப்படி இருக்கட்டும்: “எங்கள் கிராமத்துக்கு அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பெயர், அங்கே செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் காலை 8.30 மணிக்குப் பதிவான மழை அளவு ஆகியவை உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல் வேண்டும்.” தேதிகளை உங்கள் விதைப்பு, அறுவடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தினசரி அளவு என்பதை விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் நடுவில் விதைத்த மக்காச்சோளம் நவம்பர் இரண்டாம் வாரத்தில் பூக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 1, 2 தேதிகளில் 110 மி.மீ. கொட்டிவிட்டு, அப்புறம் 27ஆம் தேதி வரை சொட்டுகூட இல்லை. மாத மொத்தத்தைப் பார்ப்பவருக்கு மழையில் குறை தெரியாது. பயிரோ பூக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் மணி பிடிக்காமல் போயிருக்கும். தினசரிப் பக்கத்தில்தான் அந்த இடைவெளி தெரியும்.

பதிவேடு வேறு துறையிடம் இருந்தால், 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உங்கள் மனுவை அங்கே அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஒன்றை உறுப்பினர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்புக்கான தொகை மழையை வைத்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை காட்டும் மகசூலை வைத்து வருகிறது. ஆகவே அந்தப் பரிசோதனை விவரத்தையும் தனி மனுவில் வேளாண்மைத் துறையிடம் கேளுங்கள். அதில் மகசூல் நன்றாக இருந்ததாக எழுதியிருந்தால், அதை மறுக்க மழைப் பதிவும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் சேர்ந்துதான் உதவும். காப்பீட்டு நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.